வந்த சரக்கைச் சரிபார்த்தல்

தில்லியிலுள்ள ஒரு மளிகைக் கடைக்கு 20 மூட்டை அரிசி வந்து இறங்குகிறது. கடைக்காரர் உடனே கையொப்பமிடுவதில்லை. மூட்டைகளை எண்ணுகிறார், எடை பார்க்கிறார், ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பார்க்கிறார். 3 மூட்டைகள் மழையில் நனைந்துள்ளன.

“17 ஏற்கப்பட்டன; 3 ஈரத்தால் மறுக்கப்பட்டன” என்று சரக்குச் சீட்டின் இரு படிகளிலும் எழுதுகிறார். வண்டி ஓட்டுநரும் அதில் கையொப்பமிடுகிறார். இவ்வாறு எழுதாவிட்டால், 20 மூட்டைகளுக்கும் பணம் கேட்கப்படும்போது மறுப்பது கடினம்.

இருப்புப் பதிவேட்டில் 17 மட்டுமே ஏறுகிறது. நனைந்த மூட்டைகள் “விற்பனைக்கு அல்ல” என்னும் அட்டையுடன் தனியிடத்தில் வைக்கப்படுகின்றன. நல்ல அரிசியோடு அடுக்கினால் ஈரம் பரவிப் பூஞ்சை பிடிக்கும். பணியாளர் அறியாமல் விற்றுவிடவும் கூடும். அவை இன்னும் அனுப்பியவரின் பொருள்களே. எனவே, அவர் எடுத்துச் செல்லும்வரை அவற்றைப் பாதுகாத்தல் வேண்டும்.