எத்தனைக்கு எட்டரை?

"பத்தாவதில் 465" என்று ஒரு மாணவி சொன்னால், எத்தனைக்கு என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பதில்லை. 500க்குத்தான். ப்ளஸ் டூவில் 1,100 வாங்கியதாக ஒருவர் சொன்னால் அவர் 2018க்குள் தேர்வெழுதியவர், மொத்தம் 1,200. ஒருவர் 560 என்று பெருமையோடு சொன்னால் அவர் 2019 முதல் எழுதியவர், மொத்தம் 600. பொறியியல் கட் ஆஃப் 188 என்றால் 200க்கு. மொத்தத்தை யாரும் சொல்வதில்லை. ஊருக்கே அது தெரியும்.

கல்லூரிக்குள் நுழைந்ததும் இந்தப் பொதுப் புரிதல் உடைகிறது. வேலைக்கான விண்ணப்பத்தில் "மதிப்பெண்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒருவர் 8.5 என்று எழுதுகிறார். அடுத்தவர் 78, அதற்கடுத்தவர் 3.4, இன்னொருவர் 465. எழுதியவர்கள் நால்வருக்கும் தாங்கள் எழுதியதில் ஐயமே இல்லை. திண்டாடுவது அவற்றை ஒரே பட்டியலில் படிக்க வேண்டியவர்தான்.

இந்த நான்கில் அதிகக் குழப்பம் தருவது 8.5. பேராசிரியர் ஒரு சிறு தேர்வுக்குப் பத்துக்கு எட்டரை போட்டிருக்கலாம். பல்கலைக்கழகம் கணக்கிட்டுத் தந்த சி.ஜி.பி.ஏ. ஆகவும் இருக்கலாம். கட்டத்தின் தலைப்பில் "சதவீதம்" என்று இருந்ததால், கணினி அதை எட்டரை சதவீதம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அறுபது சதவீதத்துக்குக் குறைந்தவர்களை வடிகட்டு என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தால், நன்றாகப் படித்த அந்த விண்ணப்பதாரர் மனிதக் கண்ணில் படுவதற்கு முன்பே வெளியேறிவிடுவார்.

எக்செல் தாளில் இன்னொரு வகை விபத்தும் நடக்கும். சதவீத வடிவம் கொடுத்த கட்டத்தில் 8.5 என்று தட்டினால் திரையில் 8.5% என்று தெரியும், ஆனால் உள்ளே சேமிக்கப்படுவது 0.085. முதலில் 8.5 என்று தட்டிவிட்டு, பிறகு அந்தக் கட்டத்துக்குச் சதவீத வடிவம் கொடுத்தால் 850% என்று காட்டும். 850 உடனே கண்ணில் உறுத்திவிடும். 0.085 அப்படியல்ல, அடுத்த கோப்புக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

சரி, சதவீதம் என்ற பொருளை விலக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு எட்டரையும் சி.ஜி.பி.ஏ. எட்டரையும் ஒன்றுதானே, இரண்டும் 85 தானே என்று பலர் நினைக்கிறார்கள். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பத்துக்கு எட்டரை என்பது நேரடி மதிப்பெண். விடைத்தாளில் விழுந்த மதிப்பெண்களைக் கூட்டினால் கிடைப்பது. அதைப் பத்தால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சி.ஜி.பி.ஏ. வேறு வழியில் பிறக்கிறது. முதலில் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் ஒரு கிரேடாக மாறுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் 91 முதல் 100 வரை எடுத்தால் கிரேடு புள்ளி 10. 81 முதல் 90 வரை 9, 71 முதல் 80 வரை 8, 61 முதல் 70 வரை 7, 50 முதல் 60 வரை 6. அதன்பின் ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் இப்படிச் செய்தால் ஜி.பி.ஏ., முடித்த பருவங்கள் அனைத்துக்கும் சேர்த்துச் செய்தால் சி.ஜி.பி.ஏ.

மதிப்பெண் கிரேடாக மாறும் அந்த முதல் படியிலேயே ஒரு தகவல் தொலைந்துபோகிறது. 81 எடுத்தவருக்கும் 90 எடுத்தவருக்கும் அதே 9 தான். திரும்பி வர வழியில்லை.

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே நான்கு பாடங்கள், எல்லாவற்றுக்கும் சம கிரெடிட். முதல் மாணவி எடுத்தது 81, 81, 71, 71. இரண்டாம் மாணவி எடுத்தது 90, 90, 80, 80. இருவருக்குமே கிரேடு புள்ளிகள் 9, 9, 8, 8. கூட்டினால் 34, நான்கால் வகுத்தால் 8.5. ஆனால் உண்மையான சராசரி முதல் மாணவிக்கு 76, இரண்டாம் மாணவிக்கு 85. ஒன்பது மதிப்பெண் இடைவெளி, சான்றிதழில் ஒரே எண்.

பாடங்களை மாற்றிப் பார்த்தாலும் இது மாறுவதில்லை. 10, 10, 7, 7 என்று புள்ளிகள் வந்தாலும் சராசரி 8.5தான், மதிப்பெண் சராசரி 76க்கும் 85க்கும் இடையில்தான் விழும். மேலே உள்ள நான்கு கிரேடுகளும் பத்துப் பத்து மதிப்பெண் அகலமுள்ள பட்டைகள் என்பதால் வரும் விளைவு இது. ஆக, இந்த அட்டவணைப்படி சி.ஜி.பி.ஏ. 8.5 என்பது ஒரு தனி எண்ணே அல்ல, 76 முதல் 85 வரையுள்ள ஒரு வீச்சு.

இப்போது பழக்கத்தில் உள்ள மாற்று வாய்ப்பாடுகளை இந்த வீச்சின்மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் தெளிவாகிறது. பத்தால் பெருக்கினால் 85. வீச்சின் உச்சி அது, மாணவருக்கு மிகச் சாதகமான வாசிப்பு. சி.பி.எஸ்.இ. 2010 முதல் 2017 வரை பத்தாம் வகுப்புக்கு சி.ஜி.பி.ஏ. கொடுத்துவந்தபோது, 9.5 ஆல் பெருக்கச் சொன்னது. 91க்கு மேல் எடுத்தவர்களின் சராசரி முந்தைய ஆண்டுகளில் சுமார் 95 ஆக இருந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 8.5 × 9.5 = 80.75. இது வீச்சின் நடுப்பகுதி. ஏ.ஐ.சி.டி.இ.யின் அட்டவணையோ 6.25ஐ 55 சதவீதத்துக்கும் 6.75ஐ 60க்கும் 8.25ஐ 75க்கும் இணையாக வைக்கிறது. 0.75ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவதுதான் இதில் உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால் 8.5 என்பது 77.5. வீச்சின் அடிப்பகுதியை ஒட்டியது.

85, 80.75, 77.5. மூன்றும் தவறில்லை, மூன்றுமே வீச்சுக்குள் இருக்கின்றன. 80 சதவீதம் இருந்தால்தான் உதவித்தொகை என்றால் மட்டும், முதல் இரண்டு வாய்ப்பாட்டில் பணம் கிடைக்கும், மூன்றாவதில் கிடைக்காது. அதனால்தான் பல நிறுவனங்கள் விண்ணப்பதாரர் தாமாகக் கணக்கிட்ட சதவீதத்தை ஏற்காமல், அவர் படித்த பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சான்றைக் கேட்கின்றன.

ஒப்பீட்டு முறையில் கிரேடு தரும் இடங்களில் இந்த 76–85 வீச்சுகூட நிற்காது. அங்கே பட்டைகளின் எல்லையை வகுப்பின் மொத்த மதிப்பெண் பரவல் முடிவுசெய்கிறது. கடினமான வினாத்தாள் வந்த ஆண்டில் 68 எடுத்தவருக்கே மேல் கிரேடு கிடைக்கலாம். அந்த 8.5ஐ எந்த வாய்ப்பாட்டில் போட்டாலும் வருவது அவர் எடுத்த மதிப்பெண்ணாக இருக்காது.

நாட்டின் எல்லையைத் தாண்டினால் அளவுகோலின் உச்சியே மாறிவிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான உச்சம் 4, இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் அப்படியே. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 5. இந்த அளவுகோல்களில் 8.5 வரவே முடியாது என்பது ஒரு வசதி. பிரான்சில் பாடங்களுக்கு 20க்கு மதிப்பெண் போடுகிறார்கள், 10 எடுத்தால் தேர்ச்சி. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு லிசே பள்ளி போன்று அந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இடத்திலிருந்து வரும் 8.5 தேர்ச்சிக்கும் கீழே. ஜெர்மனியில் கணக்கு தலைகீழ்: 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் கடைசி வரம்பு. அங்கே விண்ணப்பிக்கும் இந்திய மாணவரின் 8.5ஐ மாற்ற, அதிகபட்ச மதிப்பையும் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பையும் கேட்கிறார்கள். அதிகபட்சம் 10, குறைந்தபட்சம் 5 என்றால் 1.9 வரும். குறைந்தபட்சம் 4 என்றால் 1.75. எட்டரை மாறவில்லை, தேர்ச்சிக் கோடு மாறியதற்கே முடிவு மாறுகிறது.

அடையாளமில்லாத எண்கள் நிறைந்த ஒரு பழைய பட்டியல் கைக்கு வந்தால் எப்படிப் பிரிப்பது? அக்கம்பக்கத்து எண்கள் நிறையவே சொல்லும். அதே வரிசையில் 8.47, 7.91, 8.06 என்று இருந்தால் அவை வகுத்து வந்த சராசரிகள், பெரும்பாலும் சி.ஜி.பி.ஏ. அதே வரிசையில் 7, 9, 6.5, 8 என்று முழு எண்களும் அரைகளுமாக இருந்தால் ஆசிரியர் கையால் போட்ட பத்துக்கான மதிப்பெண்கள். பக்கத்துக் கட்டத்தில் "சிறப்புடன் முதல் வகுப்பு" என்று இருப்பதும் பயனுள்ள துப்பு. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில் அந்தத் தகுதிக்கான சி.ஜி.பி.ஏ. வரம்பே 8.5தான், அரியர் வைக்காமல் தேறியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. படித்த கல்லூரியும் முடித்த ஆண்டும் தெரிந்தால் எந்த விதிமுறை என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

பட்டியலைச் சுத்தம் செய்பவர்கள் அவசரத்தில் வைக்கும் விதி ஒன்று உண்டு: பத்துக்குள் உள்ள எண் எதுவானாலும் பத்தால் பெருக்கிவிடு. 8.5க்கு அது ஒப்பேறும். அதே பட்டியலில் கொழும்பிலிருந்து வந்த 3.8 இருந்தால் அது 38 சதவீதமாகி, நான்குக்கு 3.8 எடுத்த முதல் வகுப்பு மாணவர் தோற்றவராகிவிடுவார். பழைய எண்ணை அழித்து அதன்மேலேயே புது எண்ணை எழுதியிருந்தால், தவறு தெரிந்தபிறகும் மீட்க முடியாது.

இதைத் தவிர்க்க, பட்டியலில் ஒரே கட்டத்துக்குப் பதிலாக நான்கு வைக்கலாம். சான்றிதழில் உள்ளபடியே எண் ஒன்றில், அதன் உச்ச அளவு அடுத்ததில், மதிப்பெண்ணா சி.ஜி.பி.ஏ.வா என்பது மூன்றாவதில், சதவீதமாக மாற்றியிருந்தால் எந்த வாய்ப்பாட்டில் என்பது நான்காவதில். உச்ச அளவு தெரியாத வரிகளில் அந்தக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாக விட்டு, சம்பந்தப்பட்டவரிடம் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் சேர்த்து நகல் கேட்க வேண்டும். கிரேடு அட்டவணையைப் பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பின்பக்கத்தில்தான் அச்சிடுகின்றன. ஸ்கேன் எடுக்கும்போது பலரும் விட்டுவிடுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.