பாதிரியார் போட்ட கணக்கு

பெருவெடிப்பைப் பற்றிப் படித்த பிறகும் சாமி கும்பிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகாதா என்று குழம்பும் மாணவருக்கு, அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவரின் கதையே போதும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர், 1923இல் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பாதிரியார். இயற்பியல் பேராசிரியரும்கூட.

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்றார் ஐன்ஸ்டைன். பாதிரியார் அசரவில்லை. விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரு புள்ளியை நெருங்கும் அல்லவா? அந்தத் தொடக்கத்தை ஓர் ஒற்றை அணுவாக உருவகித்து 1931இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். தட்டச்சுப் பிரதியின் கடைசிப் பத்தியில் கடவுளைப் பற்றி இரண்டு வார்த்தை இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அதை அவரே அடித்துவிட்டார்.

இருபது ஆண்டு கழித்து, 1951 நவம்பரில், போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலை இறைவனின் படைப்புக்குச் சான்றுபோலப் பேசினார். வேறொருவராக இருந்தால் பூரித்துப்போயிருப்பார். லெமேத்ருக்கோ சங்கடம். மறு ஆண்டு ரோமில் வானியலாளர் மாநாடு கூடுவதற்குமுன், வத்திக்கான் வானாய்வகத் தலைவரிடம் தம் கவலையைச் சொன்னார். அந்த மாநாட்டில் போப் ஆற்றிய உரையில் பழைய பேச்சு திரும்ப வரவில்லை.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைய எளிய கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. பாறைகளை வைத்துக் கணித்த பூமியின் வயதோ அதைவிட அதிகம்! தாயைவிட மகள் மூத்தவள் என்பதுபோல. நட்சத்திரத் தொலைவுகளைத் தவறாக அளந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. லெமேத்ரும் ஓரிடத்தில் சறுக்கினார்: ஆதி அணுவின் மிச்சம் காஸ்மிக் கதிர்களே என்று நினைத்தார். உண்மையான மிச்சம் நுண்ணலைகளாக 1965இல் வெளிவந்தது. காஸ்மிக் கதிர்மேல் அவர் கடவுளை ஏற்றி வைத்திருந்தால், அன்றே கடவுளும் சேர்ந்து விழுந்திருப்பார்.

எதிர்முகாமிலும் இதே கோளாறுதான். தொடக்கம் என்றாலே மதவாடை அடிக்கிறது என்று முகம் சுளித்தவர் பிரெட் ஹாய்ல். 'பெருவெடிப்பு' என்ற பெயரே 1949இல் அவர் வானொலியில் சொன்னதுதான். நுண்ணலைகள் கிடைத்த பிறகும் அவர் மனம் மாறவில்லை.

லெமேத்ரின் வழி எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லாது. உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்று ஒருவர் சொன்னால், அது அளந்து பார்க்கக்கூடிய பேச்சு. பாறை 'இல்லை' என்கிறது. கிரகணத்தில் சாப்பாடு கெடும் என்றால், ஒரே மாதிரி அன்றன்று சமைத்த குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, கிரகண நாளில் ஒன்றும் சாதாரண நாளில் ஒன்றும் அதே நேரம் வைத்துப் பார்க்கலாம். 'ஏன் எதுவுமே இல்லாமல் போகாமல் இத்தனையும் இருக்கிறது' என்ற கேள்விக்கு அப்படி வைத்துப் பார்க்கக் கிண்ணம் கிடையாது. அதற்குக் கடவுள் என்றோ வேறெதுவோ என்றோ பதில் சொல்லிக்கொள்ளலாம். தேர்வுத்தாளில் மட்டும் எழுத வேண்டாம்.