பாண்டி பஜார் நடைபாதைக்கு யார் பொறுப்பு?

மலேசியாவிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் தி.நகர் பாண்டி பஜாருக்குப் போகாமல் திரும்புவதில்லை. நானும் போனேன். கடைகளுக்கு முன்னால் அகலமான நடைபாதை. நிம்மதியாக நடக்கலாம். இதைக் கட்ட முடிவெடுத்தது யார் என்று தேடிப் பார்த்தபோதுதான் ஒரு புதிய பாடம் கிடைத்தது.

இந்திய அரசு 2015 ஜூனில் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தைத் தொடங்கியது. மொத்தம் 100 நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய் மத்திய அரசு தரும். அதே அளவு தொகையை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும். ஆனால் பணத்தைச் செலவிடுவது மாநகராட்சி அல்ல. அந்த வேலைக்கென்றே ஒரு கம்பெனி பதிவு செய்யப்பட வேண்டும். இதுவே 'சிறப்பு நோக்க நிறுவனம்'. அதில் பாதிப் பங்கு மாநில அரசுக்கு, பாதிப் பங்கு மாநகராட்சிக்கு.

பாதிப் பங்கு இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று நானும் நினைத்தேன். திட்டத்தின் விதிமுறைகளைப் படித்ததும் விஷயம் புரிந்தது. மாநகராட்சி மன்றத்துக்குள்ள உரிமைகளையும் கடமைகளையும், திட்டத்தைப் பொறுத்தவரை, கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கும்படி அவை ஊக்குவிக்கின்றன. கம்பெனியின் தலைவராக மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர் போன்ற ஓர் அதிகாரி இருப்பார், மேயர் அல்ல. அதாவது பங்கு மாநகராட்சியின் பெயரில் இருந்தாலும், முடிவெடுக்கும் மேசையில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவருக்கு இடம் உறுதியில்லை.

இப்படிச் செய்ததற்குக் காரணமும் உண்டு. மன்றத்தில் வேலைகள் தாமதமாகும். திட்டப் பணம் மற்றச் செலவுகளில் கரைந்துவிடும். தனிக் கணக்கும் முழுநேர நிர்வாகியும் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்.

ஆனால் சென்னையின் கதையைப் பாருங்கள். 2016 ஜனவரியில் சென்னை முதல் 20 நகரங்களில் ஒன்றாகத் தேர்வானது. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். பாண்டி பஜார் நடைபாதை திறக்கப்பட்டது 2019 நவம்பரில். அப்போது சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை! கம்பெனிக்கு மன்றம் தேவைப்படாததால், மன்றம் இல்லாத குறை வேலையில் தெரியவே இல்லை.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வேண்டும் என்று உறுதி செய்தது. கம்பெனி அந்த மன்றத்தைக் கலைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சில் முடிவடைந்தது. இனி அந்த நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்தால், தி.நகர்வாசி முறையிடப் போவது வார்டு கவுன்சிலரிடம்தான். அந்தக் கல்லைப் பதிக்கும்போது கவுன்சிலரை யாரும் கேட்கவில்லை.