டீக்கடை வெளிச்சத்தில் ஒரு லேத்

ஒரு போட்டோ உங்க கையில இருக்குன்னு வெச்சுக்குவோம். மழை விட்ட சாயங்காலம், ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. வானமும் ஈர ரோடும் சாம்பல் கலந்த நீலம். கடைக்குள் ஒரே ஒரு குண்டு பல்பு, மஞ்சளா. நீங்க வரைய வேண்டியதோ மெக்கானிக்கல் சிம்போசியம் போஸ்டருக்கு ஒரு லேத் மெஷின். டீக்கடை வேண்டாம், அதோட நிறமும் அந்த நேரத்தோட உணர்வும் மட்டும் வேணும்.

பெரும்பாலானவங்க உடனே கலர் பிக்கரை எடுத்து, போட்டோவில் அஞ்சாறு இடத்தில் கிளிக் பண்ணி, கிடைச்ச நிறங்களை அப்படியே லேத் மேல பூசுவாங்க. நீலம் பாடிக்கு, மஞ்சள் கைப்பிடிக்கு. நிறங்கள் எல்லாம் அதேதான், ஆனா சாயங்காலத்தைக் காணோம். பொம்மைக் கடையில் வாங்கின லேத் மாதிரி இருக்கும்.

காரணம் இதுதான். போட்டோவில் ஒரு பிக்சலில் தெரிவது பொருளின் சொந்த நிறமும் அதன் மேல் விழும் ஒளியின் நிறமும் பெருக்கி வந்த விடை. பெஞ்சின் பழுப்பும் போர்டின் சிவப்பும் டீக்கடையோட சொத்து. அது நமக்கு வேண்டாம். நாம கடன் வாங்க வேண்டியது ஒளியை மட்டும்.

ஒளியைத் தனியா எப்படிப் பிரிக்கிறது? போட்டோவில் வெள்ளைப் பொருளைத் தேடுங்க. வெள்ளைக்குச் சொந்த நிறம் இல்லாததால், அது ஒளியின் நிறத்தையே காட்டும். நம்ம போட்டோவில் கடையோட சுண்ணாம்புச் சுவர் இருக்கு. பல்பு பக்கம் கிளிக் பண்ணினா (255, 190, 100), நிழல் பக்கம் (90, 110, 150) வருதுன்னு வைங்க. அந்தச் சாயங்காலம் மொத்தமும் கிட்டத்தட்ட இந்த ரெண்டு எண்களுக்குள் அடங்கிடும்.

இப்போ லேத்துக்கு வருவோம். அதன் பச்சை பெயின்ட் (110, 150, 120) என்றால், ஒவ்வொரு எண்ணையும் ஒளியின் எண்ணால் பெருக்கி 255-ஆல் வகுக்கணும். நிழல் பக்கம் (39, 65, 71) வரும்: இருண்ட நீலப்பச்சை. பல்பு பக்கம் (110, 112, 47) வரும்: ஆலிவ் மாதிரி ஒரு பச்சை. இந்த ரெண்டுமே டீக்கடை போட்டோவில் எங்கேயும் இருக்காது. ஆனாலும் லேத் அந்தச் சாயங்காலத்தில் நிற்கிற மாதிரித் தெரியும். கணக்குப் போட சோம்பலா இருந்தா, ஒளியின் நிறத்தைத் தனி லேயரில் நிரப்பி, லேயர் மோடை `Multiply`-க்கு மாத்துங்க. சாஃப்ட்வேர் இதையேதான் செய்யும்.

அடுத்தது அளவு. எந்த நிறம் எத்தனை சதவீதம் இருக்குன்னு பார்க்க ஒரு சின்ன பைத்தான் போதும்:

```python
from PIL import Image
im = Image.open("ref.jpg").convert("RGB").resize((200, 200))
q = im.quantize(6)
pal = q.getpalette()
for n, i in sorted(q.getcolors(), reverse=True):
    print(round(n / 400), "%", pal[3*i:3*i+3])
```

இதில் ஒரு பொறி இருக்கு. பல்பு மாதிரி ரொம்பச் சின்ன இடம், பக்கத்து நிறங்களோட சராசரியாகிக் காணாமப் போகலாம். போட்டோவோட உயிரே அந்தச் சின்ன மஞ்சள்தான். அதனால அதை மட்டும் கண்ணால பார்த்து கையால சேர்த்துக்கோங்க. அது போட்டோவில் நூத்துக்கு நாலு பங்கு என்றால், போஸ்டரிலும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கட்டும். அழகா இருக்கேன்னு இருபது பங்கு ஆக்கினா அது மழைச் சாயங்காலம் இல்லை, கல்யாண மண்டபம்.

அந்த நாலு பங்கை எங்கே வைக்கிறது? கைப்பிடியில் இல்லை. லேத் மேலேயே வேலை செய்ய ஒரு விளக்கு இருக்குமே, அதுதான் உங்க குண்டு பல்பு. அதன் வெளிச்சம் டூல் முனையிலும் சுருண்டு வர்ற சிப்பிலும் விழட்டும். பின்னாடி திறந்த ஜன்னல் வானத்து நீலத்தைத் தரும். ஒளி எங்கிருந்து வருதுன்னு படத்துக்குள்ளயே காரணம் இருந்தா, பார்க்கிறவங்க கண் கேள்வி கேட்காது.

சக், பெட் மாதிரி பளபளப்பான உலோகத்துக்கு மட்டும் பெருக்கல் கணக்கு சரிவராது. அது சுத்தி இருக்கிறதைக் கண்ணாடி மாதிரி காட்டும். ஆனா அதுக்கும் போட்டோவிலேயே பாடம் இருக்கு. ஈர ரோட்டில் பல்பு மஞ்சள் எப்படி நீளக் கோடா இழுத்துட்டுப் போகுதுன்னு பாருங்க. பெட் மேலயும் அதே மாதிரி, இருட்டுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கோடு.

முடிச்சதும் ரெண்டு படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி, தம்ப்நெயில் அளவுக்குச் சுருக்கி, பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒன்று பெரும்பாலும் இருட்டு, இன்னொன்று பூரா நடுத்தரச் சாம்பல் என்றால், தப்பு நிறத்தில் இல்லை, வெளிச்ச-இருட்டு அளவில். முதல்ல அதைச் சரிபண்ணுங்க.

போன் கேமரா சில சமயம் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் பல்பு மஞ்சளை வெள்ளைக்குப் பக்கமா இழுத்துடும். சுவரில் பல்பு பக்கமும் நிழல் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிறமா வந்தா, அந்தப் போட்டோவில் கடன் வாங்க ஒண்ணும் மிச்சமில்லை. வேற போட்டோ பாருங்க. காலேஜ் லோகோவை இந்தக் கணக்குக்குள்ள இழுக்காதீங்க. அது தன் நிறத்திலேயே, ஓரமா ஒரு வெள்ளைப் பட்டையில் இருக்கட்டும்.