தஞ்சாவூர் பி.இ. ஆஸ்திரேலியாவில் செல்லுமா?

தஞ்சாவூரில் சிவில் முடித்தவர் ஆஸ்திரேலியா போக முதல் கேள்வி: அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. 'டயர்-1' அங்கீகாரம் இருந்ததா?

பொறியியல் பட்டங்களை உறுப்பு நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானது. ஆனால் டயர்-1 மட்டும்தான் அதில் சேர்த்தி. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் டயர்-2. வாசலில் 'என்.பி.ஏ.' போர்டு தொங்குதேன்னு நம்பிடக் கூடாது. அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, பாடப்பிரிவுக்கு, அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு.

இல்லாவிட்டாலும் வழி உண்டு. சொந்த வேலையைப் பற்றி 3 கட்டுரைகளை 'என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா' கேட்கும். வாய்க்கால் மதகு கட்டியவர், 'கட்டினோம்' என்று எழுதினால் எடுபடாது. நீரோட்டத்தை, அஸ்திவாரத்தைத் தான் எப்படிக் கணக்கிட்டார் என்று 'நான்' போட்டு எழுத வேண்டும்.