நெரிசல் நாளில் பிரியும் மூன்று ஹோஸ்டிங்குகள்

வேர்ட்பிரஸில் இயங்கும் ஒரு சிறு பதிப்பகத்தின் விற்பனைத் தளத்தைச் சாதாரண நாள்களில் எந்த வகை ஹோஸ்டிங்கில் வைத்தாலும் வாசகருக்கு வேறுபாடு தெரிவதில்லை. புத்தகக் காட்சி நாள்களில் பலர் ஒருசேர நுழையும்போதுதான், எந்த வரம்பு முதலில் முட்டும், அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்ற இரண்டிலும் ஷேர்டு, வி.பி.எஸ்., மேனேஜ்டு ஆகிய மூன்று வகைகளும் பிரிகின்றன.

ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், ஒருவர் தளம் மற்றவர்களின் பங்கையும் விழுங்கிவிடாதபடி ஒவ்வொரு கணக்குக்கும் உச்சவரம்பு உண்டு. விளம்பரங்கள் பறைசாற்றும் ‘அன்லிமிடெட்’ என்பது இடத்துக்கும் டேட்டாவுக்கும் உரியதே தவிர, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய கோரிக்கைகளுக்கு உரியதன்று. அந்த வரம்பு 20 என்று கொண்டால், ஒரு பக்கத்தை உருவாக்க அரை நொடி ஆகும் தளம் நொடிக்கு 40 பக்கங்களைத் தரும். மோசமாக எழுதப்பட்ட ஒரு பிளகினால் அந்த நேரம் 4 நொடியாக நீண்டால் நொடிக்கு 5 பக்கங்களே கிடைக்கும், அதற்கு மேல் வருவோர் `508 Resource Limit Is Reached` என்ற அறிவிப்பையே காண்பர். ஆகவே, கூட்டத்தின் மேல் சுமத்தப்படும் பழி பல வேளைகளில் பிளகினையே சேரும்.

ஒரு பெரிய கணினியை மென்பொருளால் தனித்தனிக் கணினிகளாகப் பகுத்துத் தருவதே வி.பி.எஸ். இங்கே நினைவகம் தளத்துக்கே உரியது. அதைக் கணக்கிட்டுப் பங்கிடும் வேலையும் உரிமையாளருடையதே. 1 ஜி.பி. நினைவகத்தில் இயங்குதளமும் தரவுதள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லும் சுமார் 450 எம்.பி. எடுத்துக்கொள்வதாகவும், பக்கங்களை உருவாக்கும் ஒவ்வொரு பி.எச்.பி. செயல்முறைக்கும் 70 எம்.பி. தேவைப்படுவதாகவும் வைத்துக்கொண்டால், ஏழெட்டுச் செயல்முறைகளுக்கே இடம் உண்டு. இதை அறியாமல் `pm.max_children` அமைப்பில் 20 என்று எழுதிவிட்டால், நெரிசலில் நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் அதிக இடம் பிடித்த செயல்முறையைக் கொன்றுவிடும். பெரும்பாலும் பலியாவது மைஎஸ்க்யூஎல். அப்போது திரையில் `Error establishing a database connection` என்று தோன்றும், கெர்னல் பதிவேட்டில் `Out of memory: Killed process` என்ற வரி கிடக்கும். பெரிய சர்வருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணை 7 ஆகக் குறைத்துப் பார்ப்பதே முறை.

இத்தகைய கணக்குகளையும், பாதுகாப்புத் திருத்தங்களையும், பேக்கப்பையும் நிறுவனமே கூடுதல் கட்டணத்துக்கு ஏற்பது மேனேஜ்டு ஹோஸ்டிங். சர்வரைக் கவனிக்க ஆளில்லாத பதிப்பகத்துக்கு இதுவே பொருந்தும். ஆனால் சில பிளகின்களுக்குத் தடை இருக்கலாம், மின்னஞ்சல் வசதி பெரும்பாலும் தனியாக வாங்கப்பட வேண்டும். நெரிசலைப் பொறுத்தவரை, ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்துவைத்து மீண்டும் வழங்கும் கேஷ் முறையால் முகப்பும் நூல் விவரப் பக்கங்களும் எளிதில் தாக்குப்பிடிக்கும். ஆளுக்கு ஆள் மாறும் கூடைப் பக்கத்தையும் பணம் செலுத்தும் பக்கத்தையும் அவ்வாறு சேமித்துவைக்க இயலாததால், அவை ஒவ்வொரு முறையும் பி.எச்.பி.யிடமே செல்கின்றன, எனவே திட்டத்தை வாங்கும் முன் விசாரிக்க வேண்டியது, மாதத்துக்கு எத்தனை பார்வையாளர் என்பதைவிட, எத்தனை பி.எச்.பி. செயல்முறைகள் ஒரே நேரத்தில் அனுமதிக்கப்படுகின்றன என்பதே.