போர்மேனின் மூக்கும் லிட்மஸ் தாளும்

வெம்பக்கோட்டை வட்டத்தில் ஏழாயிரம்பண்ணையைச் சுற்றிய கரிசல் காட்டில், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகளைப் பார்க்கலாம். பட்டாசு ஆலை என்றால் அதுதான். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. அந்த அறைகளில் வேதியியல் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. வேதியியல் படித்தவர்தான் அன்று அங்கே இல்லை.

அன்று எல்லாம் போர்மேன்தான். பத்தாவதோ அதற்கும் கீழோ படித்து, மருந்து அறையில் எடுபிடியாகச் சேர்ந்து, இருபது முப்பது வருடம் கழித்து அந்த இடத்துக்கு வந்திருப்பார். கலவை அளவுகள் ஒரு கையடக்க நோட்டில் இருக்கும். அதை வேறு ஆலைக்காரர் கண்ணில் காட்டமாட்டார்கள். கந்தகம் நயமா என்று விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். வெடியுப்பு ஈரம் கோத்திருக்கிறதா என்பது சல்லடையில் அது விழும் விதத்திலேயே தெரிந்துவிடும். இந்த அறிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பலரின் உயிரை அதுதான் காத்தது. ஆனால் அது ‘எப்போது’ என்பதைச் சொல்லும். ‘ஏன்’ என்பதைச் சொல்லாது. ஏன் என்று தெரியாதபோது, சரக்கு மாறினாலோ பருவம் மாறினாலோ அனுபவம் கைவிட்டுவிடும்.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை இதற்கு நல்ல உதாரணம். கொஞ்சம் மருந்திலேயே நல்ல சத்தம் கிடைக்கும் என்பதால் அதற்கு மவுசு இருந்தது. சிக்கல் கந்தகத்தில் இருந்தது. காற்றும் ஈரமும் பட்ட கந்தகத்தில் துளி அமிலம் ஊறிவிடும். அந்தத் துளி, குளோரேட்டைச் சிதைக்கத் தொடங்கும். பிறகு யாரும் தட்ட வேண்டாம், உரச வேண்டாம்; கலவை தானாகவே தீப்பிடிக்கும். 1992இல் மத்திய அரசு இந்தச் சேர்க்கையையே தடை செய்தது. கந்தகத்தைக் கொஞ்சம் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, நீல லிட்மஸ் தாளை அதில் தொட்டுப் பார்த்தால் போதும்; சிவந்தால் அமிலம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சோதனைதான். விரலில் தேய்த்துப் பார்ப்பதில் அது தெரியாது.

இன்று நிலைமை வேறு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்து, பேரியம் உப்புகளை விலக்கியது. அதற்குப் பிறகு நாக்பூரிலுள்ள நீரி ஆய்வகம் புதிய கலவைகளை வகுத்தது. சிவகாசியிலும் கலவைப் பரிசோதனைக் கூடம் வந்தது. கையடக்க நோட்டின் காலம் அத்தோடு முடிந்தது. எந்த ரகத்தில் என்ன மருந்து, பேரியம் உண்டா இல்லையா என்பதற்குத் தாளில் பதில் வேண்டும். எம்.எஸ்சி. வேதியியல் படித்த பெண்ணுக்கும் பையனுக்கும் வெள்ளை அங்கி போட்டு உட்காரும் வேலை இந்த வட்டாரத்திலேயே கிடைப்பது இதனால்தான். கரைசலில் நீர்த்த கந்தக அமிலம் விட்டால் வெள்ளை வீழ்படிவு. சுடரில் காட்டினால் இளம்பச்சை. பேரியம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

எனக்கு உறுத்துவது இதுதான்: வேதியியல் படித்தவரை ஆலைக்குள் கொண்டுவந்தது வாடிக்கையாளரின் காற்று. அறைக்குள் இருப்பவரின் உயிருக்காக அவரை யாரும் அழைக்கவில்லை. அவருடைய மேசை மருந்து அறைக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

அந்த அறையில் அவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு மணி மருந்தைப் பார்ப்போம். வானத்தில் போய்ப் பூவாக விரியும் பேன்சி ரகங்களுக்குள் இருக்கும் உருண்டைகள் அவை. மருந்துக் கலவையைப் பசைத் தண்ணீரில் பிசைந்து, உருட்டியோ வெட்டியோ காயவைக்கிறார்கள். அந்தக் கலவையில் அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் இருந்தால், தண்ணீர் பட்டதும் இரண்டும் மெல்ல வினைபுரியத் தொடங்கும். சூடு பிறக்கும், அம்மோனியா வாயு வரும், கலவை காரத்தன்மை அடையும். காரம் கூடினால் வினை வேகமாகும். வேகமானால் சூடு கூடும். மெல்லிசாகப் பரப்பிய மருந்தில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். குவியலாகக் கிடந்தால் நடுவிலேயே தங்கிப் பெருகும்.

ஒரு சனிக்கிழமையை வைத்துக் கணக்குப் போடுவோம். மத்தியானம் மழை. காயவைக்க வழியில்லை. பிசைந்த மருந்து தட்டில் குவியலாக நிற்கிறது. ‘திங்கள் பார்த்துக்கலாம்’ என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஞாயிறு முழுவதும் அது உள்ளுக்குள் புழுங்குகிறது. திங்கள் காலை கதவைத் திறந்து ஒருவர் தட்டை இழுக்கிறார். மறுநாள் பத்திரிகையில் ‘மருந்து நீர்த்துப் போனதால் விபத்து’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் இருப்பது இவ்வளவும்.

கெட்டிக்காரப் போர்மேன் கதவைத் திறந்ததும் மோந்து பார்ப்பார். மூக்கைத் துளைக்கும் மூத்திர வாடை வந்தால் யாரையும் உள்ளே விடமாட்டார். அது அம்மோனியா. உருண்டைகள் உப்பியிருந்தாலும் தட்டில் வெதுவெதுப்புத் தெரிந்தாலும் அதே கதைதான். அப்போது செய்ய வேண்டியது எல்லோரும் வெளியேறுவது. ஆற்றிப் பார்ப்போம் என்று கிளறுவது அல்ல. வேதியியல் படித்தவர் இதற்கு ஒரு நாள் முன்னாலேயே வேலையைத் தொடங்க முடியும். பிசையும் மருந்தில் சிறிது போரிக் அமிலம் சேர்த்தால் காரம் ஏறாது. மழை வரும் நாளில் எவ்வளவு பிசையலாம் என்று காலையிலேயே முடிவு செய்யலாம். பொழுது சாயும்போது ஈர மருந்து மிச்சம் இல்லை என்று கையெழுத்துப் போடலாம்.

தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையிலோ சாகுபுரம் டி.சி.டபிள்யூவிலோ வேலைக்குப் போகும் கெமிக்கல் இன்ஜினியருக்கு இது புதுமையாக இருக்கும். அங்கே மூன்று ஷிப்டு. ஆலை நிற்பதே இல்லை. இரவு ஷிப்டு முடித்தவர் அழுத்தம், வெப்பம், மூடிவைத்த வால்வு என எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, காலையில் வருபவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பட்டாசில் பகல் வேலை மட்டும்தான். மாலையில் அடுத்தவருக்கு ஒப்படைக்க மருந்தே இருக்கக் கூடாது, அறை காலியாக இருக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் கூலி எண்ணிக்கைக்குத் தருவதால் தீபாவளி நெருங்கும் மாதங்களில் அறையைக் காலி செய்ய யாருக்கும் மனம் வராது.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்து உராய்வுதான் தொடக்கம் என்று சொல்லப்பட்டது. உள்குத்தகைப் பேச்சும் அப்போது வெளியே வந்தது. ஓர் உரிமத்தின் கீழ் அறைகள் பலருக்குக் கைமாறினால், போர்மேனானாலும் கெமிஸ்டானாலும் யாரிடம் ‘நிறுத்து’ என்பது?

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பொதுவாக ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் பாதுகாப்பு அதிகாரியைக் கட்டாயமாக்கியது. அபாயத் தொழிலுக்கு அரசு தனியாக ஆணையிடலாம் என்ற வழி இருந்தாலும், நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் சிறு ஆலைக்கு அப்படி ஒருவர் எட்டாத செலவுதான். அந்தப் பதவிக்குப் பொதுவான தகுதி: பொறியியல் பட்டத்தோடு இரண்டு வருட மேற்பார்வை அனுபவம், அல்லது வேதியியல் பட்டத்தோடு ஐந்து வருடம், இரண்டுக்கும் மேல் தொழிற்பாதுகாப்புப் பட்டயம். சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அந்தப் பட்டயம் படிக்கலாம். தொழிலாளர் பேசும் மொழி தெரிய வேண்டும் என்பதும் தகுதிகளில் ஒன்று. ‘நீர்த்துப் போச்சு’ என்றால் என்னவென்று புரியாதவர் இந்தக் காட்டில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

நாலைந்து சிறு ஆலைகள் சேர்ந்து ஒரு பட்டதாரிக்குச் சம்பளம் கொடுத்தால் செலவு தாங்கும். பேரியம் பார்க்கும் மேசையிலிருந்து அவரை எழுப்பி, தினமும் காலை அறைகளைத் திறக்கும் நேரத்தில் போர்மேனோடு நடக்கவிட வேண்டும். பருவமழை மாதங்களில் மாலையிலும் இன்னொரு நடை.